‘கீழ கூலிங் இல்ல’: மாமா கடை சேனலுக்கு டைட்டில் எழுதுறது எப்படி?

உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் திடீர்னு மக்கர் பண்ணுதுன்னு வைங்க. மேல ஃப்ரீசர்ல ஐஸ் கட்டுது, கீழ வெச்ச பால் திரிஞ்சு போகுது. யூடியூப்ல என்ன டைப் பண்ணுவீங்க? ‘டிஃப்ராஸ்ட் ஹீட்டர் ஃபெயிலியர்’னா? கண்டிப்பா இல்ல. ‘fridge keela cooling illa’ன்னு தான் டைப் பண்ணுவீங்க. உங்க அம்மா கையில போன் இருந்தா மைக்கை அமுக்கி, ‘ஃப்ரிட்ஜ் கீழ கூலிங் வரல’ன்னு சொல்லுவாங்க.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பத்தினது. திருநாவலூர்ல என் மாமா வீட்டு உபயோகப் பொருள் ரிப்பேர் கடை வெச்சிருக்கார். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் பார்ப்பார். கடைக்குன்னு ஒரு யூடியூப் சேனல் இருக்கு. வீடியோ எடுக்கிறது மாமா, டைட்டிலும் டிஸ்கிரிப்ஷனும் எழுதுறது நான். பார்க்க ரெண்டு நிமிஷ வேலை மாதிரி இருக்கும். ஆனா யாருக்கு அந்த வீடியோ போய்ச் சேரணும்கிற முடிவு அங்க தான் நடக்குது.

ஒரே வீடியோ, ரெண்டு கூட்டம்

மாமா ஒரு வீடியோ எடுத்தார். டபுள் டோர் ஃப்ரிட்ஜ், மேல சொன்ன அதே கம்ப்ளைன்ட். அதுக்கு அவர் சொன்ன டைட்டில்: ‘Frost Free Fridge Defrost Heater & Bimetal Checking’. தப்பே இல்லாத டைட்டில். வீடியோவில அது தான் நடக்குது. ஆனா அந்த வார்த்தைகளை யார் தேடுவாங்க? பைமெட்டல்னா என்னன்னு ஏற்கெனவே தெரிஞ்சவங்க. அதாவது இன்னொரு மெக்கானிக், இல்லன்னா ஐடிஐ படிக்கிற பையன். அவங்க வீடியோவை முழுசா பார்ப்பாங்க, போன் பண்ணி ‘அண்ணே, இந்தப் பார்ட் எங்க கிடைக்கும்?’னு கேப்பாங்க. ‘எங்க வீட்டுக்கு வந்து பாருங்க’ன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.

பாகத்தோட பேரைத் தலைப்பில வெச்சா மெக்கானிக் வருவார். அறிகுறியைத் தலைப்பில வெச்சா ஃப்ரிட்ஜ் சொந்தக்காரர் வருவார். ரெண்டு பேரும் நல்லவங்க தான். ஆனா கடைக்கு வாடகை கட்டுறது ரெண்டாவது ஆளு.

அறிகுறின்னு சும்மா சொல்லிட்டுப் போக முடியாது. அந்த ஃப்ரிட்ஜுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா தான் சரியான வார்த்தையைப் பிடிக்க முடியும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ டபுள் டோர்ல பெரும்பாலும் குளிர் உண்டாகிற காயில் ஒரே ஒரு இடத்துல தான் இருக்கும், ஃப்ரீசரோட பின்பக்கத் தட்டுக்குப் பின்னாடி. கீழ் அறைக்குன்னு தனிக் காயில் இருக்காது. ஒரு ஃபேன் அந்தக் குளிர்காத்தை டக்ட் வழியா கீழ தள்ளும். காயில் மேல படியுற பனியைக் கரைக்க, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு ஹீட்டர் கொஞ்ச நேரம் ஓடும். காயில் போதுமான அளவு சூடானதும் ஹீட்டரை நிறுத்துறது பைமெட்டல். ஹீட்டரோ பைமெட்டலோ அதுக்கான ஃப்யூஸோ போச்சுன்னா, பனி கரையாம மேல மேல சேர்ந்து, காயிலே ஒரு வெள்ளைச் சுவர் மாதிரி ஆயிடும். காத்து அதுக்குள்ள போக வழி இல்ல. காயில் பக்கத்துலயே இருக்கிறதால ஃப்ரீசர் கொஞ்ச நாளைக்குக் குளிரா தான் இருக்கும். கீழ் அறைக்கு மட்டும் குளிர் வராது.

இப்போ புரியுதா? ‘மேல ஐஸ் கட்டுது, கீழ கூலிங் இல்ல’ங்கிறது ஏதோ பாமரத்தனமான பேச்சு இல்ல. அது ஒரு துல்லியமான அறிகுறி. ‘கூலிங் இல்ல’ன்னு மட்டும் சொன்னா கம்ப்ரசர், கேஸ், வோல்டேஜ்னு பத்து காரணம் இருக்கலாம். மேல இருக்கு, கீழ இல்லன்னு சொன்ன உடனே முக்கால்வாசிக் காரணம் கழிஞ்சு போயிடும். போன்ல பேசுற அக்கா மாமாவுக்குப் பாதி வேலையை அப்பவே முடிச்சுக் கொடுத்துடுறாங்க.

வார்த்தை எங்க கிடைக்கும்?

கீவேர்டு கண்டுபிடிக்க ஆயிரம் டூல் விக்கிறாங்க. மாமா கடையில அதைவிட நல்லது ஒண்ணு இருந்துச்சு. கல்லாவுக்குப் பக்கத்துல இருக்கிற லாங் சைஸ் நோட்டு. போன்ல வர்ற கம்ப்ளைன்டை அத்தை அப்படியே எழுதி வைப்பாங்க. ஊர், பொருள், என்ன பிரச்சனை. அத்தைக்கு டெக்னிக்கல் வார்த்தை தெரியாது, அதனால மாத்தி எழுத மாட்டாங்க. ‘மிஷின்ல தண்ணி நிக்குது, எறங்கல.’ ‘கிரைண்டர் கல்லு சுத்தல, உம்முன்னு சத்தம் மட்டும் வருது.’ ‘ஃப்ரிட்ஜைத் தொட்டா சுர்ருங்குது.’

ஒவ்வொண்ணும் ஒரு ரெடிமேட் டைட்டில். நான் பண்ணினது எல்லாம், ஒரே மாதிரி கம்ப்ளைன்டை ஒண்ணாச் சேர்த்து, எது திரும்பத் திரும்ப வருதுன்னு எண்ணினது மட்டும் தான். திரும்ப வர்ற கம்ப்ளைன்டுக்கு முதல்ல வீடியோ. ஒரே வார்த்தையைப் பல பேர் சொன்னா அந்த வார்த்தைக்கு டைட்டில்ல இடம்.

நோட்டுல கிடைச்ச இன்னொரு விஷயம் எர்ரர் கோடு. சாம்சங் வாஷிங் மெஷின்ல தண்ணி வெளிய போகலன்னா `5E` இல்லன்னா `5C`ன்னு காட்டும். ஆனா அந்த சின்ன டிஸ்ப்ளேல 5-க்கும் S-க்கும் வித்தியாசமே தெரியாது. போன் பண்றவங்க ‘எஸ் ஈ’ன்னு தான் சொல்லுவாங்க, `SE`ன்னு தான் டைப்பும் பண்ணுவாங்க. எல்ஜி மெஷின்ல அதே பிரச்சனைக்கு `OE`. அதைச் சிலர் சைபர் போட்டு `0E`ன்னு அடிப்பாங்க. மேனுவல்ல இருக்கிற எழுத்தை மட்டும் டைட்டில்ல போட்டா, கண்ணால பார்த்ததை டைப் பண்றவங்க நம்மகிட்ட வர மாட்டாங்க. அதனால சரியான கோடு டைட்டில்ல, கண்ணுக்குத் தெரியிற கோடு டிஸ்கிரிப்ஷன் முதல் வரியில: ‘டிஸ்ப்ளேல SE மாதிரி தெரியுதா? அது 5E.’ தேடுறவங்களுக்கும் உதவுது, படிக்கிறவங்களுக்கும் ஒரு தகவல் கிடைக்குது.

நோட்டுல இருந்து எடுத்த வார்த்தையை யூடியூப்ல ஒரு தடவை சோதிச்சுப் பார்க்கணும். இன்காக்னிட்டோ விண்டோவைத் திறந்து, சர்ச் பாக்ஸ்ல பாதி வார்த்தையை மட்டும் அடிச்சு நிறுத்துங்க. கீழ வர்ற பரிந்துரைகள் ஜனங்க நிஜமா தேடினதுல இருந்து வருது. லாகின் பண்ணித் தேடினா உங்க பழைய தேடல் எல்லாம் கலந்துடும், அதுக்குத் தான் இன்காக்னிட்டோ. ஒரே கேள்வியை மூணு விதமா அடிச்சுப் பாருங்க: தமிழ் எழுத்துல, தங்கிலீஷ்ல, ஆங்கிலத்துல. நம்ம ஆளுங்க மூணுலயும் தேடுறாங்க.

தங்கிலீஷ் தான் இதுல பெரிய தலைவலி. ‘கீழ’ங்கிற ஒரு வார்த்தையே `keela`, `keezha`, `kila`ன்னு மூணு உருவத்துல வரும். ‘தண்ணி’யும் அதே கதை. தமிழ் எழுத்துலயும் சிக்கல் இல்லாம இல்ல. ஃப்ரிட்ஜ், ஃபிரிட்ஜ், பிரிட்ஜ்னு மூணு ஸ்பெல்லிங். மூணாவது, ஆத்துப் பாலத்தையும் குறிக்கும். ‘குளிர்சாதனப் பெட்டி’ன்னு எங்க நோட்டுல ஒரே ஒரு கம்ப்ளைன்ட் கூட இல்ல. இது எல்லாத்தையும் யூடியூப் சில சமயம் சேர்த்துப் புரிஞ்சுக்கும், ஆனா அதை நம்பி உட்கார முடியாது. எல்லா ஸ்பெல்லிங்கையும் டைட்டில்ல திணிக்கவும் முடியாது.

அதனால நாங்க வெச்சுக்கிட்ட பழக்கம் இது. பொருளோட பேர் ஆங்கில எழுத்துல, ஏன்னா அதை எல்லாரும் ஒரே மாதிரி தான் எழுதுறாங்க. அறிகுறி தமிழ் எழுத்துல. கடைசியில ஒரு சின்ன ஆங்கிலத் துண்டு, `in Tamil` சேர்த்து. தங்கிலீஷ் ஸ்பெல்லிங் எல்லாம் டேக்ஸுக்கு. டேக்ஸ் வீடியோவைக் கண்டுபிடிக்கிறதுல ரொம்பக் குறைவான பங்கு தான் வகிக்குதுன்னும், எழுத்துப்பிழையோட தேடப்படுற வார்த்தைகளுக்குப் பயன்படலாம்னும் யூடியூப் ஹெல்ப் பக்கமே சொல்லுது. அப்போ அதுக்கு மட்டும் பயன்படுத்துவோம், அங்க ஒரு மணி நேரம் செலவு பண்ண வேணாம்.

டைட்டிலைக் கட்டுறது

டைட்டிலுக்கு அளவு 100 கேரக்டர். நம்ம கண்ணுக்கு ‘ஃபிரிட்ஜ்’ அஞ்சு எழுத்து. ஆனா கம்ப்யூட்டருக்கு உயிர்மெய்ல வர்ற கொம்பும் சுழியும் புள்ளியும் தனித்தனி கேரக்டர். நம்பலன்னா பைத்தான்ல ஓட்டிப் பாருங்க:

```python
s = "ஃபிரிட்ஜ்"
print(len(s), len(s.encode("utf-8")))
# 9 27
```

அஞ்சு எழுத்து, ஒன்பது கேரக்டர், 27 பைட். அந்த 27-க்குப் பிறகு வரேன். இப்போதைக்கு, தமிழ்ல 100 கேரக்டர்ங்கிறது நீங்க நினைக்கிறதைவிட சின்ன இடம்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. அதுலயும் போன்ல தேடுறப்போ நீளமான டைட்டிலோட வால் வெட்டுப்பட்டுடும். முக்கியமானது முன்னாடி வரணும்.

ஃப்ரிட்ஜ் வீடியோவுக்கு நாங்க கடைசியா வெச்ச டைட்டில்:

```
Fridge கீழே கூலிங் இல்லை, மேலே ஐஸ் கட்டுதா? | Fridge not cooling in Tamil
```

எண்ணிப் பார்த்தா 73 கேரக்டர். முதல் பாதி முழுக்க நோட்டுல இருக்கிற வாக்கியம். வெட்டுப்பட்டா ஆங்கில வால் தான் போகும், அர்த்தம் போகாது. ‘அதிர்ச்சி’ இல்ல, ‘இது தெரியாம போச்சே’ இல்ல, ஃபயர் எமோஜி இல்ல. ஃப்ரிட்ஜ் ரிப்பேரான வீட்டுல ஏற்கெனவே போதுமான அதிர்ச்சி இருக்கு.

மாமாகிட்ட ஒரு சின்ன வேண்டுகோளும் வெச்சேன். வீடியோ ஆரம்பத்துலயே அந்த வாக்கியத்தை வாயால சொல்லிடணும். தேடலுக்கு ஒரு வீடியோ பொருந்துதான்னு பார்க்க டைட்டில், டேக்ஸ், டிஸ்கிரிப்ஷன் மட்டுமில்லாம வீடியோவோட உள்ளடக்கத்தையும் பார்க்கிறதா யூடியூப் சொல்லுது. அதைவிட முக்கியம், பார்க்கிறவருக்கு ‘நம்ம வீட்டுப் பிரச்சனை தான்’னு முதல் பத்து செகண்டுல தெரியணும். இல்லன்னா போயிடுவார்.

டிஸ்கிரிப்ஷன்: முதல் ரெண்டு வரி

டிஸ்கிரிப்ஷனை யாரும் படிக்க மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. பாதி உண்மை. மடங்கி இருக்கிற பகுதியை நிறைய பேர் விரிக்க மாட்டாங்க, ஆனா மேல தெரியிற ஒண்ணு ரெண்டு வரி கண்ணுல படும். அந்த இடத்துல ‘வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலுக்கு வரவேற்கிறோம்’னு எழுதினா அந்த இடம் வீண். எங்க வீடியோவுல அங்க இருக்கிறது:

‘டபுள் டோர் ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசர் வேலை செய்யுது, கீழே மட்டும் கூலிங் வரலையா? பின்பக்கத் தட்டுல ஐஸ் சுவர் மாதிரி கட்டியிருக்கான்னு முதல்ல பாருங்க. சிங்கிள் டோருக்கு இந்த வீடியோ பொருந்தாது.’

கடைசி வாக்கியத்தைப் பார்த்து மாமா, “ஏன் மாப்ள, வர்றவனை நாமளே தொரத்துறோம்?”னு கேட்டார். சிங்கிள் டோர்ல அமைப்பே வேற. பொதுவா ஃப்ரீசர் பெட்டியே காயில் தான், நடுவுல இருக்கிற டிஃப்ராஸ்ட் பட்டனை நாம தான் அமுக்கணும். அந்த வீட்டுக்காரர் நம்ம வீடியோவை நாலு நிமிஷம் பார்த்துட்டு ஏமாந்து போறதைவிட, முதல்லயே தெரிஞ்சு சிங்கிள் டோர் வீடியோவுக்குப் போறது அவருக்கும் நல்லது, சேனலுக்கும் நல்லது. அந்த வீடியோ லிங்க்கும் பக்கத்துலயே இருக்கு.

அடுத்து சாப்டர். டிஸ்கிரிப்ஷன்ல நேரத்தை வரிசையா எழுதினா வீடியோ பகுதி பகுதியா பிரியும். முதல் நேரம் `00:00`-ல ஆரம்பிக்கணும், குறைஞ்சது மூணு நேரம் வரணும், ஒவ்வொரு பகுதியும் 10 செகண்டாவது இருக்கணும். ஒண்ணு தப்பினாலும் வெறும் நம்பரா தான் நிக்கும். பகுதிகளோட பேரையும் கேள்வியா எழுதுறோம்: ‘ஃபேன் ஓடுதான்னு எப்படிப் பார்க்கிறது?’ ஏன்னா ஃபேன் நின்னாலும் கீழ கூலிங் போயிடும். ஐஸ் சுவர் இல்ல, ஃபேன் சத்தமும் இல்லன்னா சந்தேகம் ஃபேன் மேல.

இப்போ அந்த 27 பைட். டிஸ்கிரிப்ஷனுக்கு 5000 கேரக்டர்னு பொதுவா சொல்லுவாங்க. யூடியூப்போட ஏபிஐ டாக்குமென்ட்ல அது 5000 பைட்னு இருக்கு. தமிழ்ல ஒரு கேரக்டருக்கு மூணு பைட் போகுது, அப்போ முழுக்கத் தமிழ்ல எழுதினா 1,666 கேரக்டர்ல எல்லை வந்துடும். ஸ்கிரிப்ட் எழுதி ஏபிஐ வழியா டிஸ்கிரிப்ஷன் ஏத்துற நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்க, தமிழ்ல மட்டும் ஏன் எர்ரர் வருதுன்னு மண்டையை உடைச்சுக்காதீங்க.

ஊர் பேரை எங்க வைக்கிறது?

இங்க தான் மாமாவும் நானும் நிஜமாவே சண்டை போட்டோம். எல்லா டைட்டில்லயும் ‘திருநாவலூர்’ வரணும்னு அவர் ஆசைப்பட்டார். கடை அங்க தானே இருக்கு?

யூடியூப்ல ‘திருநாவலூர்’னு தேடுறவர் யாருன்னு யோசிங்க. அது சுந்தரர் அவதரிச்ச ஊர், பக்தஜனேஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். அந்தப் பேரை அடிக்கிறவர் தரிசனத்துக்கு வர்றவர். ஃப்ரிட்ஜ் கெட்டுப்போன நம்மூர்க்காரர் யூடியூப்ல ஊர் பேரை அடிக்க மாட்டார், அறிகுறியைத் தான் அடிப்பார். ‘பக்கத்துல யார் இருக்கா’ன்னு பார்க்கிற இடம் கூகுள் மேப்ஸ். அதுக்குத் தனியா பிசினஸ் ப்ரொஃபைல் வேணும். வீடியோ டைட்டில் அந்த வேலையைச் செய்யாது.

ஆனா அறிகுறியைத் தேடி வந்தவர் நம்மூர்க்காரர்னா, அவருக்கு உடனே தெரியணும் கடை எங்கன்னு. அதனால ஊர் பேர் டிஸ்கிரிப்ஷனுக்குப் போச்சு, ஒரே வாக்கியமா: ‘கடை திருநாவலூர்ல இருக்கு. உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி, திருவெண்ணெய்நல்லூர் பக்கம் வீட்டுக்கே வந்து பார்ப்போம்.’ இந்த மூணு ஊரும் மூணு மாவட்டம், கள்ளக்குறிச்சி, கடலூர், விழுப்புரம். 2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டமா ஆகிறதுக்கு முன்னாடி எங்க ஊரும் விழுப்புரம் தான். இன்னைக்கும் பெரியவங்க அப்படித் தான் சொல்லுறாங்க, ஊர் பேரையே சிலர் ‘திருநாமநல்லூர்’னு சொல்லுவாங்க. ஆங்கிலத்துல `Thirunavalur`, `Tirunavalur`னு ரெண்டு விதமா எழுதுறாங்க. முகவரி வரியில தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் ஒரு தடவை எழுதினா போதும். இந்த முகவரிப் பகுதி எல்லா வீடியோவுக்கும் ஒண்ணு தான், அதனால ஸ்டுடியோ செட்டிங்ஸ்ல ‘அப்லோட் டீஃபால்ட்ஸ்’ல போட்டு வெச்சாச்சு.

சுத்துப்பட்டுல இருக்கிற நாப்பது கிராமத்துப் பேரையும் கமா போட்டு அடுக்கலாமேன்னு தோணும். கூடாது. டிஸ்கிரிப்ஷன்ல டேக் மாதிரி வார்த்தைகளை அளவுக்கு மீறி அடுக்குறது யூடியூப் விதிகளுக்கு விரோதம், வீடியோவையே தூக்கலாம். விதியை விடுங்க, படிக்கிறவருக்கே அது ஓட்டர் லிஸ்ட் மாதிரி தான் தெரியும்.

எழுதக் கூடாதது

ஃப்ரிட்ஜ் டைட்டிலுக்கு என் கையில இன்னொரு ஆப்ஷன் இருந்துச்சு: ‘5 நிமிஷத்துல நீங்களே சரி பண்ணலாம்’. நிறைய கிளிக் வரும்னு நல்லாவே தெரியும். அதை எழுதாததுக்குக் காரணம் கத்தி.

ஐஸ் சுவரைப் பார்த்ததும் நம்ம வீடுகள்ல முதல்ல எடுக்கிறது கத்தி இல்லன்னா ஸ்க்ரூடிரைவர். அந்த ஐஸுக்குப் பின்னாடி இருக்கிறது மெல்லிசான அலுமினியக் குழாய். ஒரு குத்து, கேஸ் போச்சு. சின்ன ஹீட்டர் வேலையா முடியவேண்டியது காயில் வேலையா ஆயிடும். இப்போ வர்ற நிறைய ஃப்ரிட்ஜ்ல R600a கேஸ். அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கிற வகை. ‘நீங்களே பண்ணலாம்’னு டைட்டில்ல தைரியம் கொடுத்துட்டு, எட்டாவது நிமிஷத்துல ‘கத்தி யூஸ் பண்ணாதீங்க’ன்னு சொன்னா, அதுக்குள்ள அவர் எழுந்து போயிருப்பார். அதனால எச்சரிக்கையும் டிஸ்கிரிப்ஷன்ல மேலேயே: ‘பிளக்கைப் பிடுங்கி, ரெண்டு கதவையும் திறந்து ஒரு நாள் விடுங்க. ஐஸ் தானா கரையட்டும். கத்தியால குத்தாதீங்க.’ மைக்ரோவேவ் அவனுக்கு இன்னும் கறார். அதுக்குள்ள இருக்கிற ஹை வோல்டேஜ் கபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கின பிறகும் சார்ஜோட இருக்கலாம். அந்த வீடியோக்கள்ல ‘வீட்டிலேயே’ங்கிற வார்த்தையே கிடையாது.

மாமாவுக்கு இருந்த பயம் வேற. “ஐஸைக் கரைக்கிற வழியையும் இலவசமா சொல்லிட்டா, எவன் மாப்ள நம்மளைக் கூப்பிடுவான்?” நியாயமான கேள்வி. அவர் பிழைப்பு அது. ஆனா பதில் அந்த ஃப்ரிட்ஜ்லயே இருக்கு. ஹீட்டர் செத்திருந்தா, ஐஸ் கரைஞ்சதும் கீழ கூலிங் வரும், சில நாள் ஓடும், மறுபடி அடைக்கும். அப்படித் திரும்பி வந்தா தான் டிஃப்ராஸ்ட் சிஸ்டம்ல கோளாறுன்னு கிட்டத்தட்ட உறுதியாகும். டிஸ்கிரிப்ஷன்ல அதையே எழுதினோம்: ‘ஒரு வாரம் பத்து நாள்ல மறுபடி வந்தா ஹீட்டர் பகுதியை மீட்டர் வெச்சு செக் பண்ணணும், அப்போ கூப்பிடுங்க.’ அப்படிக் கூப்பிடுறவர் என்ன பிரச்சனைன்னு தெரிஞ்சு கூப்பிடுறார். மாமாவும் தேவையான பார்ட்டைப் பையில போட்டுக்கிட்டே கிளம்பலாம், ரெண்டு தடவை பெட்ரோல் போட வேணாம். கதவு சரியா மூடாம இருந்ததுக்காக ஒருத்தர் வீடு வரைக்கும் போய், விசிட்டிங் சார்ஜ் கேட்டு மனஸ்தாபம் ஆகிற கதையும் குறையும்.

இன்னொண்ணு, கம்பெனி பேர். எர்ரர் கோடு வீடியோவுல கம்பெனி பேர் இல்லாம எழுத முடியாது, அது பரவாயில்ல. ஆனா கம்பெனி பேரையும் ‘சர்வீஸ் சென்டர்’, ‘கஸ்டமர் கேர் நம்பர்’ங்கிற வார்த்தையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, நாம அந்தக் கம்பெனியோட ஆளுன்னு படிக்கிறவர் நினைப்பார். போலி கஸ்டமர் கேர் நம்பரைப் போட்டுப் பணத்தைச் சுருட்டுற கூட்டம் இதே வார்த்தைகளைத் தான் பயன்படுத்துது. அதுல நாமளும் ஒரு வரியா நிக்க வேணாம். முகவரிக்கு மேல ஒரு வரி நிரந்தரமா இருக்கு: ‘இது தனியார் கடை. எந்தக் கம்பெனியோட அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரும் இல்ல. வாரன்டி இருந்தா முதல்ல கம்பெனியைக் கூப்பிடுங்க.’

வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?

வியூஸைப் பார்த்து முடிவு பண்ணினா தப்பாப் போகும். ஃப்ரிட்ஜ் அறிகுறி எல்லா ஊர்லயும் ஒண்ணு தான், கோயம்புத்தூர்ல இருக்கிறவரும் மலேசியாவுல இருக்கிறவரும் பார்ப்பாங்க. அவங்களுக்கு உதவினது சந்தோஷம், ஆனா மாமா பைக் அங்க போகாது. அதனால ரெண்டு விஷயத்தை மட்டும் பார்க்கிறோம்.

முதல்ல ஸ்டுடியோ அனலிட்டிக்ஸ். அதுல டிராஃபிக் சோர்ஸ்ல ‘YouTube search’ஐத் திறந்தா, ஜனங்க என்ன வார்த்தையைத் தேடி இந்த வீடியோவுக்கு வந்தாங்கன்னு பட்டியல் இருக்கும். அதுல நோட்டுல இல்லாத ஒரு வார்த்தை அடிக்கடி வந்தா, அது டிஸ்கிரிப்ஷன் முதல் வரிக்குப் போகும். அதே இடத்துல இம்ப்ரெஷன் சிடிஆரும் இருக்கு, அதாவது கண்ணுல பட்டவங்கள்ல எத்தனை சதவீதம் கிளிக் பண்ணினாங்கன்னு. பாதி சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் இது 2-ல இருந்து 10 சதவீதத்துக்குள்ள தான்னு யூடியூப் சொல்லுது, அதனால சின்ன நம்பரைப் பார்த்துப் பதற வேணாம். கிளிக் குறைவா இருந்தா டைட்டிலும் தம்ப்நெய்லும் தேடினவருக்குப் பொருந்தல. கிளிக் நிறைய வந்து, அரை நிமிஷத்துல ஓடிப் போறாங்கன்னா டைட்டில் சொன்னது உள்ள இல்ல. ரெண்டும் வேற வேற வியாதி, மருந்தும் வேற. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திட்டு ரெண்டு வாரம் விட்டுப் பாருங்க.

ரெண்டாவது, வாட்ஸ்அப் லிங்க். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு குறியீடு வெச்சு, அது தானா டைப் ஆகி வர்ற மாதிரி லிங்க் கொடுக்கலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=F3
```

ஃப்ரிட்ஜ் வரிசையில மூணாவது வீடியோன்னா F3. அதைத் தொட்டா ‘F3’ங்கிற மெசேஜ் ரெடியா நிக்கும், அவர் அனுப்பினா போதும். எந்த வீடியோ வேலை கொண்டு வந்துச்சுன்னு அத்தை நோட்டுலயே எழுதிடலாம். இதுக்கு ரெண்டு எல்லை இருக்கு. ஷார்ட்ஸ் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கிற லிங்க்கை 2023 ஆகஸ்ட் 31-ல இருந்து தொட்டுத் திறக்க முடியாது, பெரிய வீடியோவுக்கு மட்டும் தான் இது ஒத்து வரும். அதோட, நேரா போன் பண்றவங்க எந்தக் குறியீடும் சொல்ல மாட்டாங்க. அவங்ககிட்ட ‘எதைப் பார்த்துக் கூப்பிட்டீங்க?’ன்னு அத்தை வாயால கேட்டுக்கிறாங்க.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ இப்படி ஒரு கடை இருந்து, டைட்டில் எழுதுற வேலை உங்க தலையில விழுந்தா, முதல்ல லேப்டாப்பைத் திறக்காதீங்க. ஒரு நாள் கடையில உட்கார்ந்து போனை நீங்க எடுங்க. எதிர்முனையில இருக்கிறவர் சொல்ற முதல் வாக்கியத்தை, ஒரு எழுத்து கூட திருத்தாம எழுதிக்கங்க. எங்க நோட்டுல அடுத்த வீடியோவுக்கு வரிசையில நிக்கிறது, ‘மிக்ஸி ஓடுது, பிளேடு சுத்தல.’ கப்ளர் தேய்ஞ்சிருக்கும்னு மாமா சொல்லிட்டார். டைட்டில்ல கப்ளர் வராது.